ஆட்டத்துக்கு முன் பார்க்கும் நான்கு விஷயம்: எது பந்தய விலையை எவ்வளவு நகர்த்தும்?

கேள்வி: ஆடும் பதினொருவர், காயம், பயணம், ஓய்வு என்று நாலும் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்டுவது, கழிப்பது என்று தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் முதலில் கோலாக மாற்றுங்கள். நேராக விலையில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கால்பந்தையே எடுத்துக்கொள்வோம். சொந்த மைதானத்தில் ஆடும் அணி சராசரியாக 1.50 கோல் போடும், வந்த அணி 1.10 கோல் போடும் என்று உங்கள் கணக்கு சொல்கிறது. இரண்டையும், சராசரியை வைத்து ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்கும் வாய்ப்பு சொல்லும் பாய்சான் பரவலில் போட்டால் சொந்த அணி வெல்ல 46.4%, டிரா 25.8%, வந்த அணி வெல்ல 27.8% வருகிறது. ஒன்றை அந்த வாய்ப்பால் வகுத்தால் நியாய விலை: 2.15, 3.88, 3.60.

இதில் சொந்த அணியின் 1.50-ஐ 1.40 ஆக்கிப் பாருங்கள். வெற்றி வாய்ப்பு 43.8% ஆகி, விலை 2.28-க்குப் போகும். அதாவது இந்த அளவு ஆட்டத்தில் 0.10 கோல் என்பது ஏறக்குறைய இரண்டரை சதவீதப் புள்ளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இதே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம்.

கேள்வி: 2.15 தான் நியாய விலை என்றால் அந்த அணி ஜெயிக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. நூறு முறை ஆடினால் 54 முறை அந்த அணி வெல்லாது என்றும் அதே எண் சொல்கிறது. மற்ற இரண்டு முடிவுகளையும்விட அதன் வெற்றிக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். சந்தை விலையோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 2.05, 3.60, 3.40 என்று போட்டிருந்தால் மூன்றின் வாய்ப்பையும் கூட்டினால் 106% வரும். அந்த 6% விலை போடுபவரின் மார்ஜின். அதைக் கழிக்காமல் உங்கள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் முக்கிய ஸ்ட்ரைக்கர் அணியின் கோலில் மூன்றில் ஒரு பங்கு போடுபவர். அவர் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறேன். சரிதானே அண்ணா?

பாதி சரி. அவர் பங்கிலிருந்து ஆரம்பித்தது நல்லது. ஆனால் அவருக்குப் பதில் ஒருவர் இறங்குகிறார், அவரும் கோல் அடிப்பார். 1.50-இல் மூன்றில் ஒரு பங்கு 0.50. பதிலாளிக்கு அதே நேரத்தில் 0.35 வருமென்றால் வித்தியாசம் 0.15 தான். அதிலும் முழுசாகக் கழிக்காதீர்கள். அவர் அடித்திருக்கக்கூடிய ஷாட்களில் சிலவற்றை சுற்றியிருப்பவர்கள் அடிப்பார்கள், பெனால்டியை வேறொருவர் எடுப்பார். நான் மூன்றில் இரண்டு பங்கு எடுப்பேன்: 0.10. அதாவது மேலே பார்த்த 2.15-இலிருந்து 2.28. உங்கள் முறைப்படி 0.50 கழித்தால் விலை மூன்றைத் தாண்டும். ஒரே ஒரு ஆளுக்காக அப்படி நகர்ந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஆடுவாரா மாட்டாரா என்று சந்தேகத்தில் இருப்பவரை எப்படி வைப்பது? ஆடும் பதினொருவர் பட்டியல் வந்ததும் விலை எதிர்பார்த்த அளவு நகரவே இல்லை.

நகராததற்குக் காரணம், அந்தச் சந்தேகம் ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆடாமல் போக 40% வாய்ப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தால் 0.10-இல் 0.04 கழிந்தே இருக்கும். விலை 2.15 இல்லை, 2.20. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிப் பட்டியல் வருகிறது, அவர் பெயர் இல்லை, மிச்சமுள்ள 0.06 மட்டும் கழிந்து 2.28 ஆகும். பெயர் இருந்தால் 2.15-க்குத் திரும்பும்.

நீண்ட நாள் காயத்திலும் இதே தப்பு நடக்கும். பத்து ஆட்டமாக வெளியே இருப்பவரை இன்று கழித்தால் இரண்டு முறை கழிக்கிறீர்கள். அந்தப் பத்து ஆட்டத்தின் எண்களில் அவர் இல்லாத அணிதானே இருக்கிறது! ஆரம்ப நாட்களில் நானும் ஒரு முழு சீசன் இப்படிக் கழித்து, அடிபட்ட அணிகளையெல்லாம் மட்டமாக மதிப்பிட்டேன். இப்போது காயப் பட்டியலில் பெயரைப் பார்த்ததும் முதலில் தேடுவது கடைசியாக ஆடிய தேதியைத்தான்.

கேள்வி: நாங்கள் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆடிய ஒவ்வொரு முறையும் கால் கனத்துத் தோற்றோம். பயணத்துக்கு நீங்கள் குறைவாகக் கொடுப்பதாகத் தோன்றுகிறது.

உங்கள் கால் கனத்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய உடனே ஆடுவது வேறு, முந்தின நாளே போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்து ஆடுவது வேறு. தொழில்முறை அணிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. தவிர, சாதாரணப் பயணம் சொந்த மைதான அனுகூலத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிடுகிறது. அந்த அனுகூலத்திலும் பயணத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2020-21 இங்கிலாந்து பிரீமியர் லீக் கிட்டத்தட்ட முழுதும் காலி மைதானங்களில் நடந்தது. பயணம் அப்படியே இருந்தது, கூட்டம் மட்டும் இல்லை. சொந்த அணிகள் 144 ஆட்டம் வென்றன, வந்த அணிகள் 153.

தனியாக எண் போடுவது இரண்டு இடத்தில்தான். பல நேர மண்டலங்களைத் தாண்டி, உடம்பு பழக நாள் இல்லாமல் ஆடுவது ஒன்று. உயரம் மற்றொன்று. பொலிவியாவின் லா பாஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர். 2009 ஏப்ரலில் அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஆனாலும் அங்கே போகும் அணிக்கு வழக்கமான அனுகூலத்தை மட்டும் போட்டால் போதாது.

கேள்வி: மூன்று நாள் ஓய்வுக்கும் ஆறு நாள் ஓய்வுக்கும்?

அதிகபட்சம் 0.05 கோல், அதாவது ஒரு சதவீதப் புள்ளியை ஒட்டி. மூன்றுக்கும் நாலுக்கும் நான் எதுவும் போடுவதில்லை. ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்று வந்தபிறகு இதன் எடை இன்னும் இளைத்துவிட்டது என்பது என் கணிப்பு. அப்புறம், களைப்பு பெரும்பாலும் பட்டியல் வழியாகத்தான் வரும். பயிற்சியாளர் ஐந்து பேரை மாற்றியிருந்தால் தரம் குறைந்ததற்குக் கழியுங்கள். களைப்புக்கும் சேர்த்துக் கழிக்காதீர்கள், இறங்குகிறவர்கள் ஓய்வெடுத்தவர்கள்.

கேள்வி: இழப்புகளைத் தனித்தனியாகக் கூட்டுகிறீர்கள். நான் சில சீசன்களாகக் குறித்து வைத்ததில், சென்டர்பேக் இருவரும் ஒன்றாக இல்லாதபோது கூட்டுத்தொகையைவிட அதிகமாக அடி விழுகிறது. கோல்கீப்பரும் மாறினால் இன்னும் மோசம்.

உங்கள் கவனிப்பு எனக்கும் சரியாகப் படுகிறது. முதல் ஆளுக்குப் பதில் நல்ல மாற்று இருக்கும்; இரண்டாவது ஆளுக்கு இறங்குபவர் மிட்ஃபீல்டராகவோ இளைஞராகவோ இருப்பார். அதனால் இருவருக்கும் 0.08, 0.08 என்றால் நான் 0.16-க்குப் பதில் 0.20 வைக்கிறேன். இந்த 0.04 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் வலுவான பதில் இல்லை. இருவரும் ஒன்றாக இல்லாத ஆட்டங்கள் ஓர் அணிக்கு சீசனில் நாலைந்துதான் கிடைக்கும். கோல்கீப்பரில் இன்னும் சிரமம்: அவர் தடுத்ததில் திறமை எவ்வளவு, அந்த மாதத்து அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிக்கப் பல சீசன் ஷாட்கள் வேண்டும். உங்கள் குறிப்புகளில் மாற்று ஆட்டக்காரர் யார் என்பதும் இருந்தால், அதை வைத்து இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இயல்பான சென்டர்பேக் இறங்கிய ஆட்டங்களில் அந்தக் கூடுதல் அடி மறைந்துவிடுகிறதா என்பதை அறிய எனக்கும் ஆவல்.