சிபில் 751 இருந்தும் கடன் ஏன் மறுக்கப்பட்டது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. பழைய பிக்கப்புக்கு மாசம் 7,450 ரூபாய் தவணை கட்டுறேன். இன்னொரு வண்டிக்கு 4 லட்சம் கேட்டேன், பேங்க் முடியாதுன்னுடுச்சு. சிபில் 751 இருக்கு. 6,000 ரூபாய் கொடுத்தா அதை 800 ஆக்கித் தர்றேன்னு ஊட்டியில ஒருத்தர் சொல்றார். கொடுக்கலாமா? கடிதம், ரிப்போர்ட், ஸ்டேட்மென்ட் மூணையும் அனுப்பியிருக்கேன்.

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஸ்கோரில் கோளாறு எதுவும் இல்லை.

முதலில் கடிதத்தைப் பாருங்கள். நான்கு பத்திக்கு மரியாதை வார்த்தைகள், நடுவில் ஒரே ஒரு வரி காரணம்: ‘அன்சாடிஸ்ஃபேக்டரி அக்கவுண்ட் கண்டக்ட்’. உங்கள் வங்கிக் கணக்கு நடந்த விதம் திருப்தியாக இல்லை என்று அர்த்தம். அதைத் தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று வங்கியில் இருந்த காலத்திலேயே கேட்டிருக்கிறேன், பதில் வந்ததில்லை. சிபில்தான் காரணம் என்றால் ஸ்கோர், பீரோ, ஓவர்டியூ என்று ஏதாவது ஒரு சொல் அந்த வரியில் இருக்கும். இதில் இல்லை. ஆகவே குறையை ஸ்டேட்மென்ட்டில்தான் தேட வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டில் ஐந்தாம் தேதிகளை மட்டும் பாருங்கள். ஜூலை, செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று நான்கு மாதம் `NACH RTN CHG` என்ற வரி வருகிறது, ஒவ்வொரு முறையும் 590 ரூபாய் கழிந்திருக்கிறது. தவணை எடுக்க வந்தபோது கணக்கில் பணம் இல்லை, அதற்கான அபராதம் அது. வரி உட்பட 2,360 ரூபாய் போயிருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் 17, 18 தேதிக்குத்தான் வருகிறது; மறுநாளே நீங்கள் ஃபைனான்ஸ் ஆபீசில் போய்க் கட்டியிருக்கிறீர்கள்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் எல்லா மாதமும் 000 என்று இருக்கிறது? அந்த எண், கணக்கெடுக்கும் நாளில் தவணை எத்தனை நாள் பாக்கி என்பதைச் சொல்வது. மாதக் கடைசியில் கணக்கெடுத்தால், 19ஆம் தேதியே கட்டிய நீங்கள் சுத்தம். செக் திரும்பியது போலத் தவணை திரும்பியது அங்கே தெரியாது, வங்கி மேனேஜர் கையில் இருக்கும் ஸ்டேட்மென்ட்டில் தெரியும். 2025 முதல் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 15ஆம் தேதிக் கணக்கில் நீங்கள் பத்து நாள் பாக்கியாக நிற்பீர்கள். அதனால் இந்த 751-ஐயும் ரொம்ப நம்ப வேண்டாம்.

சரி செய்வது பெரிய வேலையில்லை. தவணைத் தேதியை 20க்குப் பிறகு மாற்றித் தரச் சொல்லி ஃபைனான்ஸ் கம்பெனியில் எழுதிக் கொடுங்கள். மாட்டேன் என்றால், ஒரு மாதத் தவணை 7,450-ஐ அந்தக் கணக்கில் எப்போதும் தொடாமல் வையுங்கள். தவணை திரும்பாத ஆறு மாதம் சேர்ந்த பிறகு மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் கடைசி ஆறு மாதத்தையோ ஒரு வருடத்தையோதான் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஊட்டிக்காரர் விஷயம். ரிப்போர்ட்டில் இருப்பது கடன் கொடுத்தவர் அனுப்பிய விவரம். வெளியாள் யாரும் அதில் கை வைக்க முடியாது. தப்பாக ஏதாவது இருந்தால் நீங்களே சிபில் தளத்தில் இலவசமாகப் புகார் போடலாம். 30 நாளில் முடிக்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டும் இலவசம். இந்த ஆட்கள் செய்வதெல்லாம் உங்கள் ஓடிபியை வாங்கி, சரியாக இருக்கும் கணக்குகள் மேலும் புகார் போடுவதுதான். இன்னும் சிலர் ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றும் ‘என்கொயரி’ பகுதியில் பதிவாகும். அடுத்து பார்க்கிற மேனேஜர், இவர் பணத்துக்கு அலைகிறார் என்று நினைப்பார். கூடலூரில் ஒருவர் இப்படி 5,000 கொடுத்து, ஏழு என்கொயரியோடு என்னிடம் வந்தார்.

நீங்கள் வாங்காத கடனும் உங்கள் ரிப்போர்ட்டைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்களுடையதில் இல்லை, ஆனால் நம் மலையில் மச்சானுக்கும் பங்காளிக்கும் கையெழுத்துப் போடாதவர் குறைவு, அதனால் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கடனுக்கும் ‘ஓனர்ஷிப்’ என்று ஒரு வரி உண்டு. அதில் ‘கேரன்டர்’ என்று இருந்தால் அது நீங்கள் ஜாமீன் போட்ட கடன். நீங்கள் ஒரு ரூபாய் வாங்கியிருக்க மாட்டீர்கள், ஆனால் அவர் 61 நாள் கட்டவில்லை என்றால் அந்த 061 உங்கள் பெயரிலும் நிற்கும். ‘இது என் கடன் இல்லை’ என்று புகார் போட்டாலும் எடுபடாது, கையெழுத்து உங்களுடையதுதானே. அவரைக் கட்ட வைப்பதோ, கடனை முடித்து நோ டியூ சர்டிபிகேட் வாங்குவதோதான் வழி. அதற்கு முன் எங்கே விண்ணப்பித்தாலும் அப்புறம் இதே கடிதம்தான்.

மறுபடி போகும்போது ஒரு வங்கிக்கு மட்டும் போங்கள். ஃபேக்டரி கொடுத்த இலைச் சீட்டுகளை ஒரு வருடத்துக்குச் சேர்த்து, பணம் வந்த தேதிகளோடு ஸ்டேட்மென்ட் மேலே வையுங்கள். ஐந்தாம் தேதி ஏன் பணம் இல்லை என்பதை அந்த மேனேஜர் கேட்காமலே பார்த்துக்கொள்வார்.