மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே எவ்வளவு நேரம் வேண்டும்?

"எனக்கு 34 வயது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்போது ஹீமோகுளோபின் 9.4. தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு காபி குடிப்பேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 9.8தான் இருக்கிறது. காபிதான் காரணம் என்கிறாள் தோழி. காபியை அடியோடு விட வேண்டுமா, நேரத்தை மாற்றினால் போதுமா? பால் சேர்த்தால் பாதிக்காது என்கிறார்களே, உண்மையா?"

காபியை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பால் சேர்ப்பதால் பயனில்லை. ஆனால் உங்கள் ஹீமோகுளோபின் ஏறாததற்குக் காபி ஒன்றுதான் காரணம் என்று இப்போதே முடிவுகட்டிவிட வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்கிறேன்.

பலரும் பழியைக் கஃபீன் மேல் போடுகிறார்கள். கஃபீனுக்கு இதில் பங்கில்லை. காபியில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிபீனால்கள் நிறைய உண்டு. வயிற்றிலும் சிறுகுடலிலும் இரும்பைச் சந்தித்தால் அவை அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிணைந்த இரும்பைக் குடல் செல்களால் உள்ளே எடுக்க முடியாது; அது மலத்தோடு போய்விடும். அதனால்தான் கஃபீன் நீக்கிய காபிக்கு மாறுவதும் தீர்வாகாது. தேநீரும் இதையே செய்கிறது, பெரும்பாலும் காபியைவிடக் கூடுதலாகவே. பாலைப் பொறுத்தவரை, அதிலுள்ள புரதம் பாலிபீனால்களைக் கட்டிப்போடும் என்ற எண்ணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேநீரில் பால் சேர்த்துச் சோதித்தபோது தடை குறையவில்லை. காபியில் மட்டும் அது வேறாக நடக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்தப் பிணைப்பு எல்லா இரும்புக்கும் ஒரேபோல் நடப்பதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். அதைப் பாலிபீனால்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. தானியம், பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றில் உள்ளதும் மாத்திரையில் உள்ளதும் காபிக்கு எளிதாக மாட்டிக்கொள்ளும். சைவ உணவுக்காரர்களுக்கு நேரம் இன்னும் முக்கியமாவது இதனால்தான்.

எவ்வளவு இழப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், இறைச்சி இல்லாத சோதனை உணவிலிருந்து உடல் எடுத்துக்கொண்ட இரும்பு சுமார் 6 சதவீதம். அதோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது அது 2 சதவீதத்துக்கும் கீழே போனது. ஒருவேளைச் சாப்பாட்டில் 5 மி.கி. இரும்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், உடலில் சேர வேண்டிய 0.3 மி.கி. வெறும் 0.1 மி.கி. ஆகிவிடுகிறது. மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணின் உடல் நாளுக்குச் சுமார் 1.5 மி.கி. இரும்பை உள்ளே எடுத்தால்தான் இழப்பு ஈடாகும். மூன்று வேளையும் சாப்பாட்டோடு காபி என்றால் இந்தக் கணக்கு எப்படி நேராகும்? இரும்பு இருப்பு நன்றாக உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. உங்களைப் போலக் கையிருப்பு காலியானவருக்கு ஒவ்வொரு துளியும் கணக்கு.

அதே ஆய்வில்தான், எனக்கு மிகவும் பயன்பட்ட தகவலும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி இரும்பைத் தடுக்கவே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அளவுக்கே தடுத்தது. ஒரு மணி நேரம் ஒன்றுதான். முன்பா, பின்பா என்பதில் எல்லாம் இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்த காபி திரவம் என்பதால் சீக்கிரம் கடந்துபோய்விடும், பின்னால் வரும் உணவு அதைச் சந்திப்பதில்லை. சாப்பாடு அப்படியல்ல. அது வயிற்றில் இரண்டு மூன்று மணி நேரம் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கும். ஒரு மணி நேரம் கழித்து ஊற்றும் காபி, இன்னும் வயிற்றில் கிடக்கும் உணவோடு போய்க் கலந்துவிடும். தேநீரை வைத்து 2017இல் செய்த ஆய்வில், சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் பொறுத்ததும் தடை குறைந்தது. இரண்டும் ஒத்துப்போகாததால், ரத்தசோகை உள்ளவர்களிடம் சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் போகட்டும் என்று சொல்வதே என் வழக்கம்.

இனி மாத்திரைக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் மாத்திரைதான் முக்கியம், உணவு அதற்கு அடுத்துதான். 2023இல் சுவிட்சர்லாந்தில், இரும்புக் குறைபாடுள்ள பெண்களுக்கு 100 மி.கி. இரும்பை வெவ்வேறு விதமாகக் கொடுத்து அளந்தார்கள். தண்ணீரோடு எடுத்ததை ஒப்பிட, காபியோடு எடுத்தபோது உடலில் சேர்ந்தது 54 சதவீதம் குறைந்தது. காபியும் காலை உணவும் சேர்ந்தபோது 66 சதவீதம் குறைந்தது. அந்தக் காலை உணவில் வைட்டமின் சி போதிய அளவு இருந்தும் இப்படி. நீங்கள் ஆறு வாரமாகச் செய்து வருவது கிட்டத்தட்ட இதைத்தான். தண்ணீரோடு போட்டால் ஒருவர் உடலில் 20 மி.கி. சேரும் என்றால், உங்கள் முறையில் 7 மி.கி.தான் சேரும். மூன்று மாத்திரைக்கு ஒன்றின் பலன்.

அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டியது. காபி இல்லாமல் 80 மி.கி. வைட்டமின் சியோடு எடுத்தால் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது. பிற்பகலில் எடுத்தால் காலையைவிட 37 சதவீதம் குறைவாகச் சேர்ந்தது. இரும்பு நுழையும் வாசலை மூடுகிற ஹெப்சிடின் என்ற ஹார்மோன் பொழுது ஏற ஏறக் கூடுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு மாத்திரை போட்டதும் இதே ஹார்மோன் ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் வரை தணியாமல் இருக்கும். அதனால் மருத்துவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எழுதினால், மருந்தைக் குறைத்துவிட்டார் என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த மாற்றத்தை நீங்களாகச் செய்யாமல் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் நாளை இப்படி அடுக்கிப் பாருங்கள். காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில், தண்ணீரோடு அல்லது ஒரு குவளை ஆரஞ்சுச் சாறோடு மாத்திரை. 7 மணிக்குக் காபி. 8 மணிக்குச் சாப்பாடு. மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த காபி 4 மணிக்கு. இரவு உணவோடு காபியோ தேநீரோ வேண்டாம்.

எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் 6 மணிக்குக் காபி, 7.30க்குச் சாப்பாடு, 10.30க்கு மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 10.30ஐ ஒட்டிக் காபியோ தேநீரோ பாலோ கூடாது. பாலிலுள்ள கால்சியமும் இரும்புக்குப் போட்டியாக வரும். கால்சியம் மாத்திரையும் அமிலம் குறைக்கும் மருந்தும் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் சிலருக்குக் குமட்டும். நீங்களும் அதனால்தான் சாப்பாட்டுக்குப் பின் போடத் தொடங்கினீர்களோ என்னவோ. அப்படியிருந்தால் கொஞ்சம் உணவோடே போடுங்கள், காபியை மட்டும் தள்ளி வையுங்கள். உணவோடு போட்டால் சற்றுக் குறைவாகச் சேரும்தான். குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு இது எவ்வளவோ மேல்.

மாற்றியது வேலை செய்கிறதா என்று நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் அதற்குள் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம், பெரும்பாலும் 2 கிராம் வரை ஏற வேண்டும். உங்களுக்கு ஆறு வாரத்தில் 0.4தான் ஏறியிருக்கிறது. இந்த முறையில் நான்கு வாரம் போட்ட பின் 10.8ஐத் தொட்டிருந்தால், காபியின் நேரம்தான் தடையாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போதும் 10ஐ ஒட்டியே நின்றால் காபியை மறந்துவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். முதலில் ஃபெரிட்டின் பரிசோதனை. அது 15க்குக் கீழே இருந்தால் இரும்புக் கையிருப்பு காலி என்பது உறுதி. 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் குறைபாடாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்து ஹீமோகுளோபின் மட்டும் குறைவு என்றால், தலசீமியா மரபுக்கூறோ, பி12 குறைவோ, நாள்பட்ட நோயோ இருக்கலாம். அதை எத்தனை இரும்பு மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது.

ஃபெரிட்டின் குறைவாகவே இருந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். இயல்பான ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் அரை மி.கி. இரும்பு உண்டு. மாதவிடாயில் 80 மில்லி போனால் 40 மி.கி., அதாவது நாளுக்கு ஒரு மி.கி.க்கும் மேல். இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டிகளாகப் போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். சிறுகுடல் இரும்பை எடுக்க முடியாமல் செய்யும் சீலியாக் நோய், வயிற்றில் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று ஆகியவற்றையும் மருத்துவர்கள் தேடுவார்கள். உங்கள் வீட்டில் ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைபாடு வந்தால் மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. குடலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஹீமோகுளோபின் 12ஐ எட்டியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பின்னும் ஏறத்தாழ மூன்று மாதம் போட்டால்தான் கையிருப்பு நிரம்பும். ஃபெரிட்டினும் ஏறிய பிறகு, மாத்திரை நேரத்தைப் பார்த்துக் காபி குடிக்க வேண்டிய தேவை இருக்காது. சாப்பாட்டோடு காபி வேண்டாம் என்பதை மட்டும், மாதவிடாய் அதிகமாகப் போகும் காலம் வரை, விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.