பிறீசரில் வெளிறிப்போன ஆட்டிறைச்சியைச் சமைக்கலாமா?

கேள்வி: தீபாவளிக்குப் பங்கு போட்டு எடுத்த ஆட்டிறைச்சியில் இரண்டு கிலோ எட்டு மாதமாகப் பிறீசரில் சொப்பிங் பையோடேயே கிடந்துவிட்டது. இப்போது பார்த்தால் சில துண்டுகள் சாம்பல் நிறமாகக் காய்ந்து, பைக்குள் பனித்தூள் படிந்திருக்கிறது. சமைக்கலாமா, எறிவதா?

பதில்: பிறீசர் இந்த எட்டு மாதமும் இடைவிடாமல் இயங்கியிருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். நீங்கள் காணும் வெளிறல் கிருமிகளால் வந்ததன்று. மெல்லிய பைக்குள் இருந்த காற்றில், இறைச்சியின் மேற்பரப்பிலுள்ள பனி உருகி நீராகாமல் நேரே ஆவியாகிப் போயிருக்கிறது. பையில் படிந்திருக்கும் பனித்தூள் அந்த ஈரந்தான். ஈரம் போன இடம் கருவாடு போலக் காய்ந்து சிறு துளைகள் விடுகிறது, அத்துளைகளின் வழியே காற்றுப் புகுந்து நிறத்தையும் கொழுப்பின் சுவையையும் கெடுக்கிறது. மறை 18 பாகை செல்சியசில் கிருமிகள் பெருகுவதில்லை என்பதால், மாதக்கணக்கு சுவையைக் குறைக்குமே தவிர இறைச்சியை நஞ்சாக்காது.

ஆனால் கிருமிகள் அங்கே சாவதுமில்லை, பெருகாமல் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே நான் உங்களிடம் கேட்க விரும்புவது எத்தனை மாதம் என்பதையன்று, கார்த்திகை, மார்கழி மழையில் உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்பதையே. கதவைத் திறக்காமல் விட்டால், நிரம்பிய பிறீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். பிறிட்ஜின் மேல்தட்டாக இருந்தால் நம்முடைய வெப்பத்தில் அதைவிடக் குறைவாகவே கணக்கிட வேண்டும். அதற்கு மேல் மின்தடை நீடித்து, இறைச்சி முற்றாக இளகி, சில மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்து, மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்திருந்தால் அது வெளியே கல்லைப் போல உறுதியாகவே தெரியும். அப்படிக் கிடந்த நேரத்தில் சில கிருமிகள் விடும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. பையின் அடி மூலையில் இரத்தம் கலந்த நீர் தேங்கிச் செந்நிறப் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறதா, தனித்தனியாக இருந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகச் சரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வெளிறல் சிறிதும் இல்லாவிட்டாலும் எறிந்துவிடுங்கள். இனிமேல் ஒரு கோப்பையில் நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பிறீசரிலேயே விட்டுவிடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாத வேளையில் எல்லாம் உருகியிருக்கிறது என்று பொருள்.

அத்தகைய அடையாளம் இல்லையென்றால், இறைச்சியை ஒரு பாத்திரத்தில் இட்டுப் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு முழு நாள் இளக விடுங்கள். குசினி மேசையில் வைக்க வேண்டாம். இளகிய பின் காய்ந்த பகுதிகளைக் கத்தியால் சீவி அகற்றுங்கள், ஏனெனில் அவை மறுபடி நீரை ஏற்பதில்லை, எவ்வளவு அவித்தாலும் சக்கையாகவே இருக்கும். பிறகு கொழுப்புள்ள சிறு துண்டொன்றை உப்பும் தூளும் இல்லாமல் சட்டியில் சூடாக்கி முகருங்கள். பழைய எண்ணெயின் காறல் மணம் வந்தால் கொழுப்பு முழுவதையும் வெட்டி அகற்ற வேண்டும். புளித்த அல்லது அழுகிய மணம் வந்தால் அந்த இறைச்சியே வேண்டாம். இந்தச் சோதனையைத் தூள் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும், வறுத்து இடித்த நமது கறித்தூள் எந்தக் காறலையும் மறைத்துவிடும். மிஞ்சியதைப் பொரிக்காமல், தேங்காய்ப்பால் விட்டு மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் குழம்பாக வையுங்கள்.

தூள் மறைக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இடைத்தரகர்கள். விற்காமல் காய்ந்துபோன இறைச்சியை மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, ‘சமைக்க ஆயத்தம்’ என்று மலிவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் பிறீசரை நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடி போடும் கடைகளும் உண்டு. கடையின் பிறீசருக்குள் வெப்பமானி இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஆள் வருவதில்லை. முறைப்பாடு செய்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்குள் பொருள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. பொதியிலுள்ள திகதி, அது நடுவில் ஒருமுறை உருகியதா என்பதைச் சொல்லாது. ஆகையால் தூள் பிரட்டிய உறைந்த இறைச்சியை வாங்காதீர்கள். வெறும் இறைச்சியை வாங்கும்போதும் பொதியைக் கவிழ்த்து அடி மூலையைப் பார்த்து, செந்நிறப் பனிக்கட்டி தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.