டைரிக்கு ரீகன் யாருன்னு தெரியாதா?

"எட்டாவது படிக்கிற பையன் உயிர் நண்பனோட சண்டை போட்டுட்டு வந்து முதல் தடவையா டைரில உண்மைய எழுதுறான், இதான் என் சிறுகதை, எங்க ஊர் தங்கச்சிமடத்துல நடக்குது. போட்டிக்கு அனுப்புனேன், கட்டுரை மாதிரி இருக்குன்னு தள்ளிட்டாங்க. இப்ப ஒருத்தர் 1,500 ரூபா கட்டுனா தொகுப்பு நூல்ல போடுறோம்னு கூப்பிடுறாரு. கதைய எப்டி சரி பண்றது, பணத்த கட்டலாமா சார்?"

பணத்த கட்டாதீங்க தம்பி. அத கடைசில பேசுவோம், மொதல்ல கதை.

டைரி பகுதி "இன்று என் மனம் வேதனையில் ஆழ்ந்துள்ளது. என் வகுப்பில் படிக்கும் நண்பன் ரீகனுடன் சண்டையிட்டேன்"னு ஆரம்பிக்குது. டைரிக்கு ரீகன் யாருன்னு தெரியாதா, யாருக்கு அறிமுகம் பண்றான் இவன்? படிக்கிறவங்களுக்கு சொல்லணும்னா டைரிய தொறக்குறதுக்கு முன்னாடியே கதைல சொல்லிடுங்க.

அத விட பெரிய ஓட்டை, 'முதல் தடவையா உண்மை'னா அதுக்கு முன்னாடி பொய் எழுதிருக்கணும்ல, அந்தப் பொய்ய நீங்க எங்கயுமே காட்டல. ஒரே ஒரு பழைய பக்கம் போதும். லீவுல எழுதிட்டு வாங்கன்னு ஸ்கூல்ல சொன்ன டைரி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மைல டிக்கு, "காலை 6 மணிக்கு எழுந்தேன். கடற்கரைக்குச் சென்று இயற்கையை ரசித்தேன்." தங்கச்சிமடத்துப் பையன் எந்தக் காலத்துல இயற்கைய ரசிச்சான், நண்டு நோண்டிட்டு இருந்திருப்பான். நம்ம பள்ளிக்கூடம் டைரிக்கு மார்க் போட்டே புள்ளைங்கள பொய் எழுத பழக்கிருச்சு, அந்த எரிச்சல எனக்கு அடக்க முடியல, போகட்டும். அந்தப் பக்கத்த வச்சுட்டு அடுத்த பக்கத்துல இவன் எழுதுனாத்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சண்டைக்கு தூண்டில் நரம்பு அறுந்தத காரணமா வச்சிருக்கீங்க, நல்ல பொருள், விட்டுராதீங்க. ஆனா அது வெளிக்காரணம், உள்ள ஒண்ணு வேணும். அதுவும் உங்க கதைலயே கெடக்கு. மே மாசம், மீன்பிடி தடைகாலம்னு ரீகன் அப்பா அவரோட நாட்டுப்படகு வல்லத்த கரையேத்திட்டாருன்னு எழுதிருக்கீங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், வல்லம் போகும், ஊர்க்காரன் படிச்சா சிரிப்பான். அத திருத்துனா ரீகன் லீவுல அப்பா கூட கடலுக்கு போவான், இவன் கரைல நிப்பான். இப்ப டைரி இப்டி வரும்:

"நரம்பு பாறைல மாட்டி அறுந்துருச்சு." இத எழுதி அடிச்சுட்டு, கீழ: "அதுவா அறுந்து போகல. நான்தான் பல்லால கடிச்சேன். ரீகன் ஞாயித்துக்கெழம வல்லத்துல போறானாம். எனக்கு காளீஸ் சொல்லித்தான் தெரியும். எங்க அப்பாட்ட வல்லம் இல்ல. அவன் நரம்ப தேடுனப்ப நானும் கூட சேந்து தேடுனேன்."

கடிச்சத விட கூட சேந்து தேடுனதுதான் அவனுக்கு கூச்சம், அதான் கடைசில வருது. 'பொறாமைப்பட்டேன்'னு ஒரு வார்த்த எழுதுனீங்கன்னா எல்லாம் போச்சு. சமாதானமும் வேணாம், ராத்திரி எழுதுற டைரிக்கு காலைல நடக்கப்போறது தெரியாது.

டைரில விளக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு விலக்கு இருக்கு. அக்கா திருட்டுத்தனமா படிப்பான்னு பையன் சந்தேகப்பட்டா அவளுக்காக விளக்கம் எழுதுவான், ஏன் தெரியுமா, அப்ப அது டைரி இல்ல, அக்காவுக்கு எழுதுற சாட்சி. ஆனா அப்டி வச்சா அக்காவ முன்னாடியே உள்ள கொண்டு வரணும், அவ ஒரு தடவ படிச்சு கேலி பண்ணிருக்கணும், இவன் நோட்ட அரிசி டின்னு பின்னாடி ஒளிக்கணும், அப்பறம் விளக்கத்த பாதில நிறுத்திட்டு 'படிச்சா படிச்சுக்க'ன்னு உண்மைக்கு திரும்பணும். இவ்ளோவும் செய்ய எடம் இருந்தா மட்டும் தொடுங்க, சின்னக் கதைக்கு பாரம்.

இப்ப அந்த 1,500. ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள நம்பரோட புக்கு வரும்னு பெருசா சொல்லுவாங்க, இந்தியால அந்த நம்பருக்கு கட்டணமே கெடயாது, அது தரத்துக்கு முத்திரையும் இல்ல. நல்ல பத்திரிகைல கதை வந்தா அவங்கதான் உங்களுக்கு சன்மானம் தரணும், இங்க ஆறு தலகீழா ஓடுது. நானே ஒரு காலத்துல ஏமாந்து 800 ரூபா கட்டுனேன், வந்தது ஒரு சான்றிதழ், அதுலயும் என் பேர தப்பா அடிச்சிருந்தான், காப்பி வேணும்னா தனியா காசு. இவங்களுக்கு வாசகன் தேவையே இல்ல, எழுதுனவனே வாங்கிடுவான்ல. உங்க கதையோட உரிமை எழுதுன நொடிலேர்ந்து உங்களோடது, பதிவு பண்ணணும்னு அதுக்கும் காசு கேட்டா நம்பாதீங்க.

திரும்ப கூப்பிட்டார்னா ரெண்டு கேளுங்க. எந்தக் கடைல விக்கிறீங்க, எனக்கு இலவசமா எத்தன காப்பி? அதோட போன வச்சுருவாரு.