சுடுதண்ணீர் பட்டால்: வாசகர் கேள்விகள்

என் இரண்டு வயது மகன் கேத்தலை இழுத்து, நெஞ்சிலும் கையிலும் தேத்தண்ணீரைக் கொட்டிக்கொண்டான். என் கையளவுக்கு இரண்டுதான் கொப்புளம். வீட்டிலேயே பார்க்கலாமா? (தலவாக்கலை)

உங்கள் கையால் ஏன் அளந்தீர்கள், அம்மா? காயம்பட்டவரின் கையால்தான் அளக்க வேண்டும். விரல்களைச் சேர்த்து வைத்த அவருடைய உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். உங்கள் கை பிள்ளையின் கையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும். ஆக நீங்கள் சொல்லும் இரண்டு, அவனுக்கு ஐந்து. வெறுமனே சிவந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொப்புளித்த, தோல் உரிந்த இடம் மட்டும்தான் கணக்கு. பிள்ளைக்குக் கொப்புளம் அவன் கையளவைத் தாண்டினாலே டாக்டர் பார்க்க வேண்டும். ஐந்து கையளவு என்றால் பெரியாஸ்பத்திரிதான்; 1990க்கு அழையுங்கள். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமில்லை இது.

பற்பசை பூசினோம், எரிச்சல் அடங்கியது. அதில் என்ன தப்பு? (ஹட்டன்)

இதே கேள்விக்கு எத்தனை தரம்தான் பதில் எழுதுவது! பற்பசை, மஞ்சள், முட்டை, தேங்காய் எண்ணெய் என்று லயத்தில் ஆளுக்கொன்று கொண்டுவந்து பூசிவிடுகிறார்கள். டிரெசிங் மேசையில் அதையெல்லாம் கழுவி எடுக்கும்போது பிள்ளை போடும் கூச்சலைப் பூசியவர்கள் வந்து கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதி, காயத்தின் ஆழம் தெரியாமல் போவது. நாங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் ஆழத்தைச் சொல்கிறோம். இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டாலே வலித்து, மெல்ல அழுத்தினால் வெளுத்து உடனே சிவந்தால் மேலோட்டமான காயம். இரண்டு வாரத்தில் ஆறும். அழுத்தியும் வெளுக்காத திட்டுத்திட்டான கடுஞ்சிவப்பு என்றால் ஆழம் கூட. மஞ்சள் பூசிய தோலில் இதில் எதைப் பார்ப்பது?

செய்ய வேண்டியது ஒன்றுதான். வளையல், நூல், உடுப்பைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். மூன்று மணி நேரம் கழித்துக்கூடத் தண்ணீர் பலன் தரும். நம் பீலித் தண்ணீர் குளிர்ச்சி, அதனால் காயத்தை மட்டும் நனைத்து, மிச்ச உடம்பைப் போர்த்தி வையுங்கள். பிள்ளை விறைத்துவிடக் கூடாது. அப்புறம் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள்.

ஐஸ் வைக்கலாமா?

வேண்டாம். தோல் இன்னும் கெடும்.

சீனி வருத்தக்காரரான அப்பாவின் பாதத்தில் கொதிதண்ணீர் பட்டது. வெள்ளையாக இருக்கிறது, வலியே இல்லை. லேசான காயம்தானே? (பண்டாரவளை)

தலைகீழாக யோசிக்கிறீர்கள், தம்பி. வெள்ளையாக, தோல்பட்டைபோல் தடித்து, வலிக்கவில்லை என்றால் நரம்புவரை வெந்திருக்கலாம். சீனி வருத்தத்தில் பாதம் ஏற்கெனவே மரத்திருக்கும், அதனால் வலியை நம்பவே முடியாது. சிறிய இடமானாலும் இன்றே காட்டுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டால் அளவே பார்க்க வேண்டாம்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

ஊசியைக் கீழே வையுங்கள். பெரிதாக இருந்தால் டிரெசிங் அறையில் பார்த்துக்கொள்வார்கள்.

கட்டுப் போட்டு மூன்று நாள். பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த கிளினிக் திங்கட்கிழமை. (இறாகலை)

திங்கள்வரை வைத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு சோர்வு, வாந்தி, உடம்பில் சிவப்புத் தடிப்பு இருந்தால், காயம் சின்னதாயிருந்தாலும் இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.