malateez வைக்கலாமா? யூசர்நேம் பற்றிய கேள்வி பதில்

ஹட்டனில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகையும் லேபிளும் செய்து கொடுப்பவன் நான். எல்லாத் தளத்திலும் ஒரே யூசர்நேம் எடுப்பதற்கு முன், வேறு மொழியில் அதற்கு ஏடாகூடமான பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, நானும் கூட்டாளியும் மலைநாட்டுப் பேச்சு வசனம் போட்ட டீ-சேர்ட் விற்கப் போகிறோம். malaiteez கிடைக்கவில்லை, malateez இருக்கிறது. இன்ஸ்டாகிராம், டிக்டொக், எக்ஸ், யூடியூப் எல்லாவற்றிலும் இன்றைக்கே எடுத்துவிடவா?

இன்றைக்கு வேண்டாம், தம்பி. முதலில் ஒரு பேப்பரில் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். நீங்கள் மலையும் டீ-சேர்ட்டும் என்று பிரித்து வாசிப்பீர்கள். அது உங்கள் மனதில் இருக்கிற பிரிப்பு. பார்க்கிறவனுக்கு அப்படி ஒரு கோடு தெரியாது. அதனால் எங்கெல்லாம் வெட்டலாமோ அங்கெல்லாம் வெட்டிப் பாருங்கள்.

mala, teez என்று வெட்டினால் முதலில் வருவது சிங்களம். i என்ற ஒரு எழுத்தை விட்டதும் மலை போய்விட்டது. சிங்களத்தில் மல என்றால் பூ, மள என்றால் செத்த. இன்றைய பேச்சில் இரண்டும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும், ஆங்கில எழுத்திலும் ஒரே mala தான். மளகெதர என்று செத்த வீட்டைச் சொல்வது நமக்கே தெரியும். என் கடையில் வேலை செய்யும் கினிகத்தேனைப் பொடியனிடம் உங்கள் பெயரை ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். "மல..." என்று இழுத்தான், பிறகு "பூக்கடையா, சாவு வீட்டுக்குச் சாமான் கொடுக்கிற கடையா?" என்று கேட்டான். டீ-சேர்ட் அவன் வாயில் வரவேயில்லை. ஸ்பானிய மொழியில் mala என்றால் கெட்டவள், கெட்டது. குரோவேஷியாவில் சின்னவள். இவை இரண்டும் உங்களுக்குத் தூரம், விட்டுவிடலாம்.

அடுத்தது teez. இதுதான் எனக்கு உறுத்துகிறது. அரபுப் பேச்சில் தீஸ் என்றால் பின்பக்கத்தைச் சொல்கிற கொச்சை வார்த்தை. சபையில் சொல்ல மாட்டார்கள். அதை ஆங்கில எழுத்தில் teez என்றுதான் பலர் எழுதுகிறார்கள். நம் தோட்டங்களில் எத்தனை வீட்டில் ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார்? ஊர் நினைவில் இந்த டீ-சேர்ட்டை வாங்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தானே.

இன்னொரு வெட்டு உங்கள் கண்ணில் பட்டிருக்காது. mal, ateez. ATEEZ என்பது 2018இல் வந்த கொரியப் பாட்டுக் குழு, உலகம் முழுக்க ரசிகர்கள். mal என்றால் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் கெட்டதாக, மோசமாக. அந்தப் பெயரைத் தேடுகிறவருக்கு உங்கள் கடைக்கு முன்னால் அந்தக் குழுவின் படங்கள் வரும். அந்தக் குழுவைத் திட்டுகிற பக்கம் என்று நினைத்து யாராவது சண்டைக்கு வந்தாலும் வரலாம்.

கட்டாரிலிருந்து, சொந்த ஊர் மஸ்கெலியா: அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் இங்கே பொடியன்கள் 6eez என்றும் எழுதுவாங்க, அதைச் சொல்லவில்லை. அப்புறம், teez என்று முடிகிற டீ-சேர்ட் கடைப் பெயர்களை இங்கேயும் பார்க்கிறோம். சிரிப்பாங்க, ஆனால் வாங்குவாங்க. இதைப் பெரிசாக்க வேண்டாம்.

6ஐச் சொன்னதற்கு நன்றி. அரபு எழுத்து இல்லாத போனில் பழகிய காலத்திலிருந்து சில எழுத்துக்கு எண்ணைப் போடுகிறார்கள். அழுத்தமான த மாதிரி ஒலிக்கு 6, தொண்டையிலிருந்து வரும் ஹ ஒலிக்கு 7, இன்னொன்றுக்கு 3. ஆகவே பெயர் கிடைக்கவில்லை என்று நடுவில் ஒரு எண்ணைச் செருகும்போது அங்கே அது எழுத்தாகிவிடும்.

மற்றதில் நீங்கள் சொல்வதும் நியாயம். ஆங்கிலத்தில் டீ-சேர்ட்டுக்கு teez என்று எழுதுவது பழகிப்போன விஷயம், அதைத் தெரிந்தவர் தப்பாக எடுக்க மாட்டார். நான் என்றால் வைக்க மாட்டேன். தம்பி வைத்தால் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன்.

நாவலப்பிட்டியிலிருந்து: கூகிள் ட்ரான்ஸ்லேட்டில் மொழியைத் தானாகக் கண்டுபிடி என்று விட்டு என் பெயரைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் சுத்தம்தானே?

பாதி சரி. ஏதாவது வந்தால் அது ஒரு துப்பு. வராவிட்டால் சுத்தம் என்று பொருள் இல்லை. அது ஒரு சொல்லுக்கு ஒரு மொழியைத்தான் ஊகிக்கும். உங்களுக்கு வேண்டியது, இந்த எழுத்துக்கூட்டல் எந்தெந்த மொழியில் இருக்கிறது என்பது. அதற்கு ஆங்கில விக்சனரி நல்லது. அங்கே ஒரு எழுத்துக்கூட்டலுக்கு ஒரே பக்கம், அதற்குள் மொழி மொழியாகப் பொருள் இருக்கும். முகவரியின் கடைசியில் உங்கள் துண்டை மாற்றிப் போட்டால் போதும்:

```
en.wiktionary.org/wiki/mala
```

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. சிங்களமும் அரபும் அங்கே அவரவர் எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். சிங்களப் பொடியனும் அரபுப் பொடியனும் போனில் ஆங்கில எழுத்தில் தட்டுகிற மாதிரி எழுதினால் பெரும்பாலும் அகப்படாது. நமக்கு மிகவும் தேவையான இரண்டு மொழிக்கும் அது உதவாமல் போகிறது. அங்கே ஆளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இது கூடாத வார்த்தையா?" என்று கேட்டால், மரியாதைக்கு "இல்லை, நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். பேப்பரை நீட்டி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் என்ன ஞாபகம் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். "வகுப்பில் இந்தப் பெயரோடு ஒரு பிள்ளை வந்தால் மற்றவர்கள் எப்படிக் கிண்டல் பண்ணுவார்கள்?" என்றும் கேட்கலாம், அதற்கு உண்மையான பதில் வரும். பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றையும் கேளுங்கள். கொச்சை வார்த்தை தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

பதுளையிலிருந்து: என் பெயர் புகழேந்தி. puka_photos என்று கல்யாணப் படம் எடுக்கும் பக்கம் தொடங்கினேன். சிங்கள வாடிக்கையாளர்கள் போன் எடுத்ததும் சிரிக்கிறார்கள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கடைச் சிங்கள அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்வார். உடம்பின் பின்பக்கம்தான், அதுவும் கொச்சையாக. இன்றைக்கே pugazh என்று மாற்றுங்கள். கார்டு அடித்திருந்தால் அந்தக் கட்டு போகட்டும்.

பண்டாரவளையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: செவ்ரோலே நோவா கார் ஸ்பானிய நாடுகளில் விற்காமல் போனது இதனால்தானே? நோ வா என்றால் ஓடாது என்று பொருள். பிள்ளைகளுக்குப் பல வருடம் இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

சேர், அந்தக் கதை உலகம் முழுக்க ஓடுகிறது, ஆனால் நடந்தது அப்படியில்லை. நோவா மெக்சிக்கோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. nova என்று சேர்த்துச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும், no va என்று பிரித்தால் அழுத்தம் பின்னால் போகும். ஸ்பானியம் பேசுகிறவர் இரண்டையும் குழப்ப மாட்டார்.

உங்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் நம் ரோட்டிலேயே ஓடுகிறது. மிட்சுபிஷி பஜேரோவின் பெயர் ஸ்பானியத்தில் ஆபாசமான வசவு. அதனால் ஸ்பானியம் பேசும் நாடுகளில் அதே வண்டியை மொன்டேரோ என்று விற்றார்கள். நம் ஊரில் இரண்டு பெயரிலும் பார்க்கலாம். நோவா பெயரில் வெட்டித் தேடினால்தான் குறை அகப்படும், பஜேரோவில் முழுப் பெயரே குறை. முதலாவதைப் பலர் மன்னிப்பார்கள், இரண்டாவதை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் பெயரில் எது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கொட்டகலையிலிருந்து: மகள் பெயர் ஹர்ஷிதா. ஒரு கேமில் harshitha என்று போட்டால் தகாத பெயர் என்று திருப்பி அனுப்புகிறது. நல்ல பெயர் அல்லவா அது?

நல்ல பெயர்தான், அக்கா. நடுவில் s, h, i, t என்ற நான்கு எழுத்தும் வரிசையாக நிற்கின்றன. சில தளங்களின் வடிகட்டி பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடரைத்தான் பார்க்கும். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்றொரு ஊர். 1996இல் அந்த ஊர்க்காரர்கள் ஏஓஎல்லில் கணக்குத் திறக்க முடியாமல் நின்றார்கள், ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால். ரக்ஷிதா, தர்ஷிதா என்று பெயர் உள்ளவர்களுக்கும் இதே தொல்லை வரும். கேமுக்கு harsitha என்று h ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற எழுத்தை இதற்காக மாற்றாதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து: பிறந்தது 1988. எல்லாக் கணக்கிலும் பெயருக்குப் பின்னால் 88 போட்டிருக்கிறேன். ஹோட்டலில் தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர் அதைப் பார்த்து முகம் மாறினார்.

ஆங்கில வரிசையில் எட்டாவது எழுத்து H. இரண்டு எட்டைச் சேர்த்து ஹிட்லருக்கு வாழ்த்துச் சொல்லும் குறியாக நவநாசிகள் வைத்திருக்கிறார்கள். சீனாவில் அதே 88 இணைய அரட்டையில் விடைபெறும்போது போடுவது. பிறந்த வருடம் என்று விளங்கிக்கொள்வோரும் நிறைய. ஜெர்மன் விருந்தாளிகளோடு தொழில் என்றால் 1988 என்று முழுதாகப் போடுங்கள். சொந்தக் கணக்கை மாற்றுவது உங்கள் விருப்பம்.

இரத்தினபுரியிலிருந்து: என் பெயர் எண்கணிதப்படி 5 வர வேண்டும். அதற்கு ஒரு a கூட்டினால் சரியா?

நான் பார்ப்பது அதில்லை, தம்பி. கூட்டுங்கள், ஆனால் கூட்டிய பிறகு மறுபடி வெட்டிப் பாருங்கள். மேலே ஒரு i போனதற்கே என்ன நடந்தது என்று பார்த்தீர்கள்.

மறுபடி தலவாக்கலையிலிருந்து: அண்ணே, malateez வேண்டாம். malaisattai என்று யோசித்தோம்.

நானும் வெட்டிப் பார்த்தேன். malais என்றால் பிரெஞ்சில் மலாய், தொல்லையில்லை. satta என்று ஒரு துண்டு நிற்கிறது. இந்தியில் அது சூதாட்டம், அதனால் தேடலில் சில சூதாட்ட விளம்பரம் எட்டிப் பார்க்கலாம். முழுப் பெயரையும் தட்டினால் வராது. மிச்சம் attai. மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போனவர் யாரும் அதை அட்டை என்றுதான் வாசிப்பார். கிண்டல் வரும். அசிங்கம் இல்லை, நம்மவர்களுக்குள்ளே நிற்கிற கிண்டல். வைக்கலாமா என்று நீங்களும் கூட்டாளியும் பேசிக்கொள்ளுங்கள்.

வைப்பதென்றால் 11 எழுத்துதான். எக்ஸில் 15க்கு மேல் விடமாட்டார்கள், இது அடங்கும். எல்லாத் தளத்திலும் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு, ஒரே உட்காரலில் எடுங்கள். டிக்டொக்கில் ஒருமுறை மாற்றினால் அடுத்த 30 நாளைக்கு மாற்ற முடியாது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். லேபிள் அடிக்கிற ஓடரை அதற்குப் பிறகு கொண்டு வாருங்கள்.