பிஎல்டிசி ஃபேன் ஓடுகிறது, ரிமோட் வேலை செய்யவில்லை: கோளாறு ரிமோட்டிலா, ரிசீவரிலா?

"எங்க பிஎல்டிசி ஃபேன் ஒரே ஸ்பீடுல ஓடிக்கிட்டே இருக்கு, ரிமோட்ல எதை அமுக்கினாலும் அசையல. பேட்டரி மாத்திட்டேன். ரிமோட் போச்சா, ஃபேனுக்குள்ள இருக்கிற ரிசீவர் போச்சா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஃபேன் ஓடுகிறது என்பதே பாதி பதில். மோட்டாரும், அதை ஓட்டும் போர்டின் பெரும்பகுதியும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் சந்தேகப்பட வேண்டியவை பேட்டரி, ரிமோட், ஃபேனில் இருக்கும் ரிசீவர், இந்த ரிமோட் இந்த ஃபேனுக்கு என்று இரண்டையும் ஜோடி சேர்த்து வைக்கும் பேரிங், அவ்வளவுதான். இதில் எதையும் கழற்றாமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். உடனே போடாதீர்கள். போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அது வடிந்தால்தான் உள்ளே இருக்கும் சிறிய கண்ட்ரோலர் உண்மையாகவே அணைந்து புதிதாகத் தொடங்கும். மின்சாரம் போய் வந்ததும் ரிமோட் செத்துப்போனது போலத் தெரிகிற ஃபேன்களில் பல இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் பேட்டரிக்குத் திரும்புங்கள், மாற்றிவிட்டேன் என்று நீங்கள் சொன்னாலும். அலமாரியில் ரொம்ப நாள் கிடந்த பேட்டரி "புதுசு" ஆகாது. மல்டிமீட்டர் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்: புது ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், 1.3க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். ஆனால் சும்மா வைத்து அளப்பது ஏமாற்றும். பேட்டரியை ரிமோட்டிலேயே வைத்து, மீட்டர் முனைகளை அதன் இரு பக்கமும் தொட்டபடி பட்டனை அமுக்கிப் பாருங்கள். அகச்சிவப்பு ரிமோட் ஒவ்வொரு அமுக்கலிலும் எல்இடிக்குத் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும், தளர்ந்த பேட்டரி அந்த நேரத்தில் விழும். மீட்டர் காட்டுவது சராசரிதான், ஆகவே அதில் கொஞ்சம் இறக்கம் தெரிந்தாலே உள்ளே நிஜ இறக்கம் அதைவிடப் பெரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜபிள் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்தால் 2.4. மூன்று வோல்ட்டுக்குச் செய்த சில ரிமோட்கள் அதில் பக்கத்திலிருந்து மட்டும் வேலை செய்யும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகு பேட்டரி போடுங்கள்.

அப்புறம் ரிமோட்டின் முனையைப் பாருங்கள். சிறிய எல்இடியோ கருப்புக் கண்ணாடி போன்ற ஜன்னலோ இருந்தால் அது அகச்சிவப்பு. எதுவுமே இல்லாமல் மூடியிருந்து, வேறு எந்தப் பக்கம் காட்டி அமுக்கினாலும் முன்பு வேலை செய்தது என்றால் அது ரேடியோ அலை ரிமோட். இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் இனி வழி இரண்டாகப் பிரிகிறது.

அகச்சிவப்பு என்றால், போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகப் பிடித்து அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மினுங்க வேண்டும். பின்பக்கக் கேமரா பல போன்களில் அகச்சிவப்பை வடிகட்டிவிடும், அதனால்தான் முன்பக்கத்தைச் சொல்கிறேன். அதற்கும் முன்னால், வேலை செய்கிற டிவி ரிமோட் ஒன்றை வைத்து உங்கள் கேமராவுக்கு அது தெரிகிறதா என்று சோதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல ரிமோட்டைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். மினுங்கவில்லை என்றால் ரிமோட்தான் கோளாறு, ஃபேனைத் தொடவே வேண்டாம்.

மினுங்குகிறது, ஆனால் ஃபேன் கேட்கவில்லை என்றால் ஃபேனுக்கு நேர் கீழே நின்று மேலே காட்டி அமுக்குங்கள். அப்படிக் கேட்டால் ரிசீவர் உயிரோடு இருக்கிறது, சிக்னல்தான் போதவில்லை. ரிசீவர் பெரும்பாலும் மோட்டாரின் அடி மூடியில் கருப்பு ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருக்கும். சுவிட்சை அணைத்து, இறக்கை நின்ற பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். இன்னொன்று, அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். சில எல்இடி பல்புகளின் மின்சுற்று உண்டாக்கும் இரைச்சல் ரிசீவரின் காதை அடைத்துவிடும். பகலில் வேலை செய்து, விளக்கு போட்டதும் நின்றுபோகும் ரிமோட்டுக்கு மாற்ற வேண்டியது பல்புதான்.

ரேடியோ அலை என்றால் கேமரா உதவாது, அங்கே பேரிங்தான் விஷயம். ரிமோட்டுக்கு ஓர் அடையாள எண் இருக்கும், அதை ஃபேன் தன் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற ரிமோட்களைக் கண்டுகொள்ளாது. பேரிங் செய்யும் முறை பொதுவாக இதுதான்: சுவரில் அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டதும், அடுத்த சில நொடிகளுக்குள் குறிப்பிட்ட பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஃபேன் பீப் அடிக்கும் அல்லது அதில் உள்ள விளக்கு மினுக்கும். எந்தப் பட்டன், எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கூட வந்த தாளைப் பாருங்கள். அந்தச் சில நொடி வாய்ப்பு போய்விட்டால் எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை, மறுபடி அணைத்துத்தான் தொடங்க வேண்டும். அகச்சிவப்பிலும் சில மாடல்களுக்குப் பேரிங் உண்டு.

அக்கா வீட்டு ஹாலில் ஒரே மாடலில் இரண்டு ஃபேன். மின்சாரம் போய் வந்த பிறகு ஒரு ரிமோட்டில் இரண்டும் ஓடின, இன்னொரு ரிமோட்டை எந்த ஃபேனும் மதிக்கவில்லை. ரிசீவர் போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டு ஃபேனும் ஒழுங்காகக் கேட்கும்போது இரண்டு ரிசீவரும் எப்படிப் போயிருக்கும்? நடந்தது இதுதான்: மின்சாரம் வந்த அந்த நொடியில் இரண்டு ஃபேனும் சேர்ந்து பேரிங்குக்குக் காத்திருந்தன, வீட்டில் யாரோ முதல் ரிமோட்டை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள், இரண்டுமே அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு பழையதை மறந்துவிட்டன. இரண்டு சுவிட்சையும் அணைத்து, முதல் ஃபேனை மட்டும் போட்டு அதன் ரிமோட்டைச் சேர்த்தோம். அதை அணைத்துவிட்டு அடுத்ததையும் அப்படியே. கடைசியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, அவரவர் ரிமோட்டுக்கு அவரவர் ஃபேன் மட்டும் கேட்கிறதா என்று பார்த்தோம். போர்டுக்குக் காசு செலவாகவில்லை.

சுவரில் பழைய ரெகுலேட்டர் இன்னும் ஃபேனோடு தொடராக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎல்டிசி போர்டுக்கு முழு வோல்டேஜ் வேண்டும். ரெகுலேட்டர் நடுவில் இருந்தால் ஃபேன் விட்டுவிட்டு ஓடும், ரிமோட் ஒரு நேரம் கேட்கும், ஒரு நேரம் கேட்காது. அதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நேரடியாக இணைத்துவிடுங்கள், முழு அளவில் வைத்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, ரிமோட் மினுங்குகிறது, ரேடியோ வகையானால் அதே மாடல் ஃபேன் இன்னொன்றில் பேர் ஆகிறது, ஆனால் உங்கள் ஃபேன் மட்டும் கேட்கவில்லை என்றால் ரிசீவர்தான். சில மாடல்களில் அது தனிச் சிறு பலகையாக வரும், சிலவற்றில் மெயின் போர்டோடு ஒட்டியிருக்கும். வாங்கும் முன் மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் வரும் ஃபேன்களிலும் போர்டு வேறாக இருக்கும். திறப்பதென்றால் சுவிட்ச் மட்டும் போதாது, எம்சிபியை அணைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். 230 வோல்ட் லைனில் போர்டின் கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். மின்வேலை பழக்கம் இல்லை என்றால் அந்த மூடியைத் தெரிந்தவரே திறக்கட்டும்.